அத்தையின் பாலிசியில் இருந்த சின்ன எழுத்து வரிகள்

“ஒரு லட்சம் டாலர் என்று போட்டிருக்கிறதே, அதற்கு மேல் என்ன வேண்டும்?” என்று அத்தான் கேட்டார்.

மடிக்கணினித் திரையில் மூன்று கட்டங்கள் அடுத்தடுத்து நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் தடித்த எழுத்தில் ஒரு தொகை. அடியில் பிரீமியம், அதற்கும் கீழே வாங்குவதற்கான பொத்தான். நடுக் கட்டத்தின் மேல் ‘பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது’ என்று ஒரு பச்சைப் பட்டை. அத்தான் அந்தப் பட்டையை நம்பிப் பொத்தானை அழுத்தப் போனார். நான்தான் கையைப் பிடித்துத் தடுத்தேன்.

அத்தைக்கு 67 வயது. வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கப் போகிறார். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் காலையில் ஒரு மாத்திரை. அதைத் தவிர அவருக்கு ஒரு குறையும் இல்லை. பயணக் காப்பீடு வாங்குவது என்பது டிக்கெட் எடுப்பதோடு சேர்ந்து பத்து நிமிடத்தில் முடிகிற வேலை என்று அத்தான் நினைத்திருந்தார். அன்றைக்கு எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டரை மணி நேரத்தில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் பதினோரு ஆண்டுகள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவில் இருந்தவள். பாலிசியை விற்கிறவர்கள் அதை மேலிருந்து கீழே படிப்பார்கள். க்ளெய்ம் பிரிவில் இருப்பவர்கள் கீழிருந்து மேலே படிப்பார்கள். ஆஸ்பத்திரி பில் ஒன்று மேசைக்கு வந்தால் முதலில் பார்ப்பது, இது விலக்குகளில் எதிலாவது விழுகிறதா என்று. விழவில்லை என்றால் அடுத்தது, பில்லின் ஒவ்வொரு வரிக்கும் தனி வரம்பு இருக்கிறதா என்று. அதற்குப் பிறகு எக்ஸெஸ் தொகையை, அதாவது இழப்பில் பாலிசி எடுத்தவரே ஏற்க வேண்டிய முதல் பங்கைக் கழிப்போம். கடைசியாகத்தான் அந்தத் தடித்த எழுத்துத் தொகையைப் பார்ப்போம். அதுவும், மீதி வந்த தொகை அதைத் தாண்டிவிட்டதா என்று பார்க்க மட்டும். என் பதினோரு ஆண்டுகளில் அந்த மேல் வரம்பைத் தொட்ட கோரிக்கைகள் மிகக் குறைவு. மற்ற மூன்று படிகளில் தொகை சுருங்கிப்போன கோரிக்கைகள்தான் நாள்தோறும் வந்தன.

ஆகவே அத்தானிடம், “வாங்கும்போதும் கீழிருந்தே படிப்போம்” என்றேன். கட்டத்தின் அடியில், சாம்பல் நிறத்தில் ‘முழு விவரம்’ என்ற சொல் இருந்தது. அதைத் தொட்டதும் ஒரு நீண்ட பட்டியல் விரிந்தது.

முதலில் விலக்குகள். மதுபோதையில் நேர்ந்த விபத்து, சாகச விளையாட்டுகள், மகப்பேறு, சிகிச்சைக்காகவே மேற்கொள்ளும் பயணம், மருத்துவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் கிளம்பிய பயணம் என்று வழக்கமான வரிசை. அத்தைக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது என்பதால் வேகமாகக் கடந்தோம். நின்றது ஒரே ஒரு வரியில்: பயணத்துக்கு முன்பே இருந்த நோயும் அதன் விளைவுகளும்.

“ரத்த அழுத்தமெல்லாம் ஒரு நோயா? ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது” என்றார் அத்தை.

“நமக்கு இல்லை அத்தை. இவர்களுக்கு அது நோய்தான். மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சீட்டு இருக்கிறது, அவ்வளவு போதும்.”

திரையில், வாங்கும் பொத்தானுக்குச் சற்று மேலே, ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ‘பயணிக்கு முன்பே எந்த நோயும் இல்லை என்று உறுதியளிக்கிறேன்.’ அதில் டிக் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. நாம் எதையும் தொடாமல் பணம் கட்டியிருந்தால், அத்தை பெயரில் ஒரு பொய்யான உறுதிமொழி போயிருக்கும். இது சின்ன விஷயம் அல்ல. உண்மையை மறைத்துவிட்டார் என்ற காரணத்தால், ரத்த அழுத்தத்தோடு தொடர்பே இல்லாத கோரிக்கையிலும் பாலிசியையே கேள்விக்கு உள்ளாக்க இடம் கொடுக்கிற கட்டம் அது. டிக்கை எடுத்தோம். உடனே நோய்களின் பட்டியல் ஒன்று திறந்தது. ரத்த அழுத்தத்தைத் தேர்ந்தெடுத்தோம், எத்தனை ஆண்டுகள், என்ன மாத்திரை என்று கேட்டதற்கு விடை எழுதினோம்.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. சொல்லிவிட்டோம், இனி அதற்கும் காப்பீடு கிடைக்கும் என்று நினைப்பார்கள். சொல்வது வேறு, அது காப்பீட்டுக்குள் வருவது வேறு. சில பாலிசிகளில், சொன்ன நோய்க்குக் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அதையும் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்திருந்தால் பாலிசிச் சான்றிதழில் அந்த நோயின் பெயர் எழுதப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில், சொன்னதால் பாலிசி செல்லுபடியாகும், அவ்வளவுதான். அந்த நோயால் வருகிற செலவு விலக்கிலேயே இருக்கும். எங்கள் முன்னால் இருந்தது இரண்டாவது வகை. அதில் ஒரு சலுகை மட்டும் இருந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால், உடல்நிலை சீராகும் வரையிலான செலவை, மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு வரை தருவார்கள். ஆக, அத்தைக்கு ரத்த அழுத்தத்தால் பக்கவாதம் வந்தால், அந்த ஒரு லட்சம் டாலர் உண்மையில் பத்தாயிரம் டாலர்.

அத்தான் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்து உள்வரம்புகள். இது அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கான பட்டியல். இளையவர் ஒருவரின் பிறந்த தேதியைப் போட்டுப் பார்த்தால் இந்தப் பட்டியலே காணாமல் போயிற்று. அதே பெயர், அதே கட்டம், அதே ஒரு லட்சம். அத்தையின் பிறந்த தேதிக்கு மட்டும் கீழே ஐந்து வரிகள் முளைத்தன. அறை வாடகையும் செவிலியர் கட்டணமும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,500 டாலர் வரை. அறுவை மருத்துவர் கட்டணம் 9,000 வரை. மயக்க மருந்து மருத்துவருக்கு, அறுவை மருத்துவர் கட்டணத்தில் நான்கில் ஒரு பங்கு வரை. பரிசோதனைகளுக்கு 1,000 வரை. ஆம்புலன்சுக்கு 400 வரை.

‘வரை’ என்ற சொல்லின் வேலையை இங்கே கவனிக்க வேண்டும். மேலே இருக்கும் பெரிய தொகைக்கும் அதே ‘வரை’ உண்டு. ஆனால் அந்தப் பெரிய தொகையை நோக்கிப் போகிற ஒவ்வொரு வழியிலும் தனித்தனியாக ஒரு கதவு இருக்கிறது. அறை வாடகை என்ற கதவு 1,500-இல் அடைபட்டுவிட்டால், பரிசோதனையில் மிச்சம் இருக்கும் இடத்தை எடுத்து அறைக்குக் கொடுக்க முடியாது. ஒன்றில் மிஞ்சியது இன்னொன்றுக்கு உதவாது.

ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு விசா விதி. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, ‘விசாவுக்கே இது போதும் என்கிறார்கள், பிறகென்ன’ என்று கேட்டவர்கள் என்னிடம் நிறைய. விசா அதிகாரி பார்ப்பது, சட்டம் கேட்கிற குறைந்தபட்சம் இருக்கிறதா என்பதை. உங்கள் பில்லின் எந்த வரி எங்கே அடைபடும் என்று பார்ப்பது அவர் வேலை அல்ல.

பிறகு எக்ஸெஸ். சில நிறுவனங்களின் திரையில் இதையே டிடக்டிபிள் என்று எழுதியிருப்பார்கள். இழப்பு எவ்வளவாக இருந்தாலும் முதல் இவ்வளவு உங்கள் கையிலிருந்து என்பதுதான் பொருள். நாங்கள் பார்த்த பாலிசியில் மருத்துவச் செலவுக்கு 100 டாலர். ஒரு லட்சத்தின் பக்கத்தில் நூறு என்பது கண்ணில் படவே படாது. மற்ற இரண்டு வரிகளோடு ஒப்பிட்டால் இதுதான் நேர்மையான வரியும்கூட, ஏனென்றால் கையிலிருந்து போவது எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் எக்ஸெஸ் வரியில் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிற சொல்லையும் பார்க்க வேண்டும்: ஒரு கோரிக்கைக்கா, ஒரு நபருக்கா, பாலிசியின் ஒரு பிரிவுக்கா?

இதை விளக்க, நான் வேலையில் இருந்தபோது என் மேசைக்கு வந்த ஒரு கோரிக்கையை அத்தானிடம் சொன்னேன். பெயர் வேண்டாம். ஒரு கணவன் மனைவி, ரயில் பயணத்தில் ஒரே ஒரு கைப்பையைப் பறிகொடுத்தார்கள். பையில் மனைவியின் கேமரா 900 டாலர், ரொக்கம் 180 டாலர், அவருடைய பாஸ்போர்ட். புதுப் பாஸ்போர்ட் எடுக்க ஆன செலவு 120 டாலர். கணவனின் கைப்பேசியும் அதே பையில்தான் இருந்தது, 700 டாலர். மொத்தம் 1,900 டாலர் இழப்பு. அவர்கள் பாலிசியில் உடைமைகளுக்கு ஆளுக்கு 1,000 டாலர் வரை என்று இருந்தது. எக்ஸெஸ் 50. எப்படியும் 1,800-க்கு மேல் வரும் என்று எதிர்பார்த்துக் கடிதம் எழுதியிருந்தார்கள்.

உடைமைகள் என்ற பிரிவில் ஒரு பொருளுக்கு 300 டாலர்தான் என்று உள்வரம்பு. ரொக்கம் தனிப் பிரிவு. பாஸ்போர்ட் இன்னொரு பிரிவு. எக்ஸெஸ் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி. கைப்பேசி அந்தப் பாலிசியில் விலக்கு. ஆகவே கேமராவுக்கு 300-இல் 50 போக 250. ரொக்கத்துக்கு 180-இல் 50 போக 130. பாஸ்போர்ட்டுக்கு 120-இல் 50 போக 70. கைப்பேசிக்கு ஒன்றும் இல்லை. கூட்டினால் 450 டாலர். பறித்தது ஒரு திருடன், போனது ஒரு பை, கழிந்ததோ மூன்று எக்ஸெஸ். அந்த 450-க்கான கடிதத்தைத் தயார் செய்தவள் நான்தான். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவர்கள் வாங்கிய திரையில் ‘ஒவ்வொரு பிரிவுக்கும்’ என்ற சொல் எங்கே இருந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். எக்ஸெஸ் என்ற சொல்லின் ஓரத்தில் இருந்த ஒரு கேள்விக்குறியைத் தொட்டால்தான் அது தெரியும்.

அந்தக் கேமரா வரியில் இன்னொன்றும் இருக்கிறது. எக்ஸெஸை எந்த இடத்தில் கழிக்கிறார்கள்? இழப்பிலிருந்து முதலில் கழித்தால் 900-இல் 50 போக 850, அதற்கு 300 என்ற வரம்பு, கையில் வருவது முழு 300. முதலில் வரம்புக்குள் வெட்டிவிட்டுப் பிறகு கழித்தால் 250. இரண்டு விதமாகவும் எழுதப்பட்ட பாலிசிகள் உண்டு. இழப்பு வரம்பைவிட மிகப் பெரியதாக இருக்கும்போது முதல் வகையில் எக்ஸெஸ் உங்களைத் தொடுவதே இல்லை. இரண்டாவது வகையில் வரம்புத் தொகை முழுவதுமாக ஒருநாளும் கைக்கு வராது. வாங்கும் திரையில் இதைச் சொல்ல மாட்டார்கள். பாலிசி நிபந்தனைகள் என்ற முழு ஆவணத்தில், இழப்பீடு கணக்கிடும் முறை என்ற தலைப்பின் கீழ் ஒரு வாக்கியமாக இருக்கும். வாங்குவதற்கு முன்பே அந்த ஆவணத்தை இறக்கிக்கொள்ள முடியாத திரையில் நான் வாங்குவதில்லை. திரை என்பது சுருக்கம். சண்டை என்று வந்தால் எடுத்துப் பார்ப்பது அந்த ஆவணத்தைத்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு ஓரளவு நல்ல வழி செய்திருக்கிறார்கள். பயணக் காப்பீடு விற்பவர்கள் ஒரே வடிவத்தில், பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்குள், ஒரு தகவல் தாள் கொடுக்க வேண்டும். எவை காப்பீட்டில் உண்டு என்பதற்குப் பச்சை டிக், எவை இல்லை என்பதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி, எவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதற்கு ஆரஞ்சு நிற ஆச்சரியக்குறி. அந்தத் தாள் கையில் இருந்தால் நான் முதலில் போவது ஆரஞ்சு நிறத்துக்குத்தான். சிவப்பைப் பார்த்தால் எவருக்கும் புரிந்துவிடும். பணம் பாதியாகக் குறைவது ஆரஞ்சில்தான்.

பணத்தில் இல்லாமல் மணி நேரத்தில் எழுதப்பட்ட எக்ஸெஸும் உண்டு. பெட்டி தாமதமாக வந்தால் 100 டாலர், 12 மணி நேரத்துக்குப் பிறகு என்று எங்கள் திரையில் இருந்தது. பெட்டி பதினொன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டால் ஒன்றும் கிடையாது. விமானத் தாமதத்திலும் இதே கணக்குத்தான். அத்தை மகள் வீட்டுக்குப் போகிறார், மாற்றுத் துணி அங்கேயே இருக்கும் என்பதால் இதில் நாங்கள் நேரம் செலவிடவில்லை.

இப்போது முடிவெடுக்க வேண்டிய இடம். இன்னொரு நிறுவனத்தின் திரையைத் திறந்தோம். அங்கேயும் ஒரு லட்சம் டாலர். ஆனால் வயதுக்கான உள்வரம்புகள் இல்லாத பாலிசி, பிரீமியம் கணிசமாக அதிகம். அத்தான் முகம் சுளித்தார். அந்தத் திரையில் எக்ஸெஸுக்கு மூன்று தேர்வுகள் இருந்தன: 100, 250, 500. நூறை இருநூற்றைம்பதாக மாற்றியதும் பிரீமியம் இறங்கி, முதலில் பார்த்த பாலிசிக்கு ஏறக்குறைய அருகில் வந்து நின்றது.

“எக்ஸெஸ் கூடுகிறதே. அது நஷ்டம் இல்லையா?” என்றார் அத்தான்.

நஷ்டம்தான். ஆனால் அளவு தெரிந்த நஷ்டம். 250 டாலர் என்றால் என்ன நடந்தாலும் 250 டாலர். அதை இன்றைக்கே தனியாக எடுத்து அத்தையின் கைப்பையில் வைத்துவிடலாம். உள்வரம்பில் இழப்பது எவ்வளவு என்று பில் வரும் வரை யாருக்கும் தெரியாது. அறை வாடகை ஒரு நாளைக்கு எவ்வளவு என்று அத்தையா பேரம் பேச முடியும்? நம்மால் தாங்கக்கூடிய சிறு தொகையை நாமே ஏற்றுக்கொண்டு, அதில் மிச்சமாகிற பிரீமியத்தைக் கொண்டு, தாங்க முடியாத உள்வரம்பை விலக்கிக்கொள்வதுதான் சரியான பண்டமாற்று. திரையைச் செய்தவர்கள் எக்ஸெஸ் குறைவாக இருப்பதைப் பெரிதாகக் காட்டுகிறார்கள். வாங்குகிறவர்களும் அதையே நல்லது என்று நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, வயதானவர்களுக்கு வாங்கும்போது முற்றிலும் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் அத்தையிடம் சொன்னேன். இருமல், சளி என்று மருத்துவரைப் போய்ப் பார்த்தால் அந்தப் பில் பெரும்பாலும் 250-க்குள் அடங்கிவிடும். அதற்கு ஒரு காசும் வராது. அத்தை தலையாட்டினார். இரண்டாவது திரையிலும் ரத்த அழுத்தத்தைச் சொன்னோம். அங்கே கூடுதல் பிரீமியம் கேட்டார்கள். கட்டினோம். சான்றிதழ் வந்ததும் அதில் நோயின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அவசர உதவி எண்ணையும் பாலிசி எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அத்தையின் பாஸ்போர்ட் உறைக்குள் மடித்து வைத்தேன்.

மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம் அத்தைக்கு இருமல். மருத்துவருக்கு 160 டாலர், சொந்தப் பணம். ஏழாவது வாரம் குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தகடு வைத்து அறுவை செய்ய வேண்டும் என்றார்கள்.

அத்தை மகள் பதறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அந்தத் தாளில் இருந்த எண்ணை அழைத்துவிட்டாள். இது முக்கியம். அனுமதிக்கும் முன்பே அல்லது குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் அந்த எண்ணுக்குச் சொல்லிவிட்டால், உதவி நிறுவனம் ஆஸ்பத்திரிக்குப் பணத்துக்கு உறுதிக் கடிதம் அனுப்பும். பில் நேராக அவர்களுக்குப் போகும். சொல்லாமல் விட்டால் முழுத் தொகையையும் நாமே கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். தாமதமாகச் சொன்னதற்காகத் தொகையைக் குறைக்கிற நிபந்தனையும் சில பாலிசிகளில் உண்டு.

ஆனால் அவசரப் பிரிவில் ஒரு சிக்கல் நேர்ந்தது. எப்படி விழுந்தார் என்று கேட்ட மருத்துவரிடம் மகள், “ஈரத்தில் வழுக்கிவிட்டார். ரத்த அழுத்தம் இருக்கிறது, ஒருவேளை தலை சுற்றியிருக்கலாம்” என்று சொல்லியிருக்கிறாள். உதவியாகச் சொன்னதுதான். மருத்துவர் முதல் குறிப்பில், தலைசுற்றலாக இருக்கலாம், ரத்த அழுத்தம் உள்ளவர் என்று எழுதிவிட்டார். க்ளெய்ம் பிரிவில் இருப்பவர்கள் முதலில் தேடிப் படிப்பது அந்த முதல் குறிப்பைத்தான், ஏனென்றால் பணம் பற்றிய எண்ணம் யாருக்கும் வராத நேரத்தில் எழுதப்பட்டது அது. முறிவு விபத்தாலா, ரத்த அழுத்தத்தாலா என்ற கேள்வி அந்த அரை வரியிலிருந்து பிறந்துவிட்டது.

முதல் பாலிசியை வாங்கியிருந்தால் இந்த இடத்தில் கோரிக்கையே விலக்குக்குள் விழும் அபாயம் இருந்தது. முறிந்த மணிக்கட்டு உயிருக்கு ஆபத்தான நிலை அல்ல, ஆகவே அந்தச் சலுகையும் பொருந்தாது. வாங்கிய பாலிசியில் ரத்த அழுத்தம் சேர்க்கப்பட்டிருந்ததால் கேள்வி வலுவிழந்தது. இருந்தாலும் விளக்கம் கேட்டார்கள். அத்தையிடம் தொலைபேசியில் கேட்டேன். “தலை ஒன்றும் சுற்றவில்லை. சோப்பு நுரையில் கால் வழுக்கியது, எனக்குத் தெரியாதா?” என்றார். அதையே எழுத்தில் கொடுத்தோம். அனுமதித்தபோது எடுத்த ரத்த அழுத்த அளவு இயல்பாக இருந்தது என்று அறுவை மருத்துவர் ஒரு கடிதம் தந்தார். ஐந்து வாரத்தில் விபத்து என்று ஏற்றுக்கொண்டார்கள்.

பில் 19,700 டாலர். இரண்டு நாள் அறையும் செவிலியரும் 7,600. அறுவை மருத்துவர் 6,500. மயக்க மருந்து மருத்துவர் 1,600. ஸ்கேன் முதலான பரிசோதனைகள் 2,900. ஆம்புலன்ஸ் 1,100. இதில் 250 கழித்து 19,450 டாலரை நிறுவனம் கட்டியது. அந்த 250-ஐ ஆஸ்பத்திரி கிளம்பும் அன்றே அத்தையிடம் வாங்கிக்கொண்டது.

அன்றிரவு ஒரு தாளில் பச்சைப் பட்டை ஒட்டிய முதல் பாலிசியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். விபத்து என்று மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டதாகவே வைத்துக்கொண்டேன். அறைக்கு இரண்டு நாளுக்கு 3,000. அறுவை மருத்துவருக்கு வரம்பு 9,000 என்பதால் முழு 6,500. மயக்க மருந்துக்கு 6,500-இல் நான்கில் ஒரு பங்கு 1,625, ஆகவே முழு 1,600. பரிசோதனைக்கு 1,000. ஆம்புலன்சுக்கு 400. மொத்தம் 12,500. எக்ஸெஸ் 100 போக 12,400. அத்தை கையிலிருந்து போயிருக்க வேண்டியது 7,300 டாலர். ஒரு லட்சம் டாலர் பாலிசியில், அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு பில்லுக்கு. அந்த 7,300-இல் எக்ஸெஸின் பங்கு வெறும் நூறு. மற்ற 7,200-உம் உள்வரம்பின் பங்கு.

தாளை அத்தானுக்குப் படமெடுத்து அனுப்பினேன். அவர் அறை வாடகை வரியை மட்டும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

அத்தை இந்த ஆண்டு மறுபடியும் போகிறார். போன வாரம் அதே திரையைத் திறந்தோம். ரத்த அழுத்தத்தைச் சொன்னோம். அடுத்த கேள்வியில் அத்தான் நின்றுவிட்டார்: உடலுக்குள் பொருத்தப்பட்ட உலோகத் தகடு, திருகு ஏதேனும் உண்டா? மணிக்கட்டு ஆறிவிட்டது, வலி இல்லை, அத்தை வழக்கம்போல வேலை செய்கிறார். தகடு மட்டும் உள்ளே இருக்கிறது. இந்தப் பயணத்துக்கு அதுவும் முன்பே இருந்த ஒன்றுதான்.

“உண்டு என்று போடுங்கள், அத்தான்” என்றேன். போட்டார். கூடுதல் பிரீமியம் ஏதும் கேட்கவில்லை. சான்றிதழில் வலது மணிக்கட்டு என்று எழுதி வந்திருக்கிறதா என்று அத்தை தானே கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். இருந்தது.